உடைசலுக்குப் போட்ட பில்

எங்கள் கம்பெனியில் நூறு என்றால் நூற்றாறு. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். விருத்தாசலத்தில் பீங்கான் செய்கிற எவரிடம் சொன்னாலும், ‘ஆமாம், அதற்கென்ன இப்போ?’ என்பார்கள்.

நாங்கள் செய்வது பியூஸ் கேரியர். வீட்டு மீட்டர் பக்கத்திலும் பம்ப்செட் ஷெட்டிலும் வெள்ளையாக ஒன்று மாட்டியிருப்பார்களே, கரண்ட் போனால் முதலில் பிடுங்கிப் பார்ப்பார்களே, அதுதான். சூளையில் வெந்து, ஆறி, பித்தளைத் தகடு பொருத்தி, வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கினால் சரக்கு தயார். பீங்கான் என்றால் போகிற வழியில் நாலு உடையத்தான் செய்யும். நம் ஊர் ரோட்டில் ஐந்தும் உடையும். உடைந்ததற்கெல்லாம் கடைக்காரரோடு சண்டை போட முடியுமா? அதனால் நூறு பீஸ் பெட்டியில் ஆறு பீஸ் சேர்த்து வைத்துவிடுவார்கள். அதற்கு உடைசல் என்று பெயர். உடைசலுக்குக் காசு கிடையாது. எண்ணி எடுத்து, உடைந்தது போக நூறுக்கு மேல் மிஞ்சினால் அது கடைக்காரரின் அதிர்ஷ்டம்.

நான் அந்தக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எழுதுகிறேன் என்பது பழக்கதோஷத்தில் வருகிற வார்த்தை, எல்லாம் கம்ப்யூட்டரில்தான். எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம் என்று எங்கள் முதலாளி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். கொஞ்சம் என்று சொன்னது அவருடைய பெருந்தன்மை.

என் தங்கைக்குப் பிரசவம் என்று நான் லீவில் இருந்த சமயத்தில்தான் புது சாஃப்ட்வேர் போட ஆள் வந்தார். கடலூரிலிருந்து வந்த நல்ல பையன், பொறுப்பான பையன். பொறுப்பாக இருந்ததுதான் வினையாகப் போனது. ஒரு பெட்டிக்கு எத்தனை பீஸ் என்று யாரையும் கேட்காமல், தானே ஒரு பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறார். நூற்றாறு இருந்தது. ஒரு பெட்டி என்றால் நூற்றாறு என்று பதிந்துவிட்டுப் போய்விட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கண்ணால் பார்த்ததைத்தானே போட்டார்.

அதே வாரம் வேப்பூருக்கு ஐம்பது பெட்டி லோடு. நான் இல்லாததால் பில்லை முதலாளியே போட்டார். அவர் வாழ்க்கையில் தன் கையால் போட்ட முதல் கம்ப்யூட்டர் பில் அது. ஐம்பது பெட்டி என்று அடித்தார். ஐயாயிரம் என்று வரவேண்டிய இடத்தில் ஐயாயிரத்து முந்நூறு என்று வந்தது. பீஸ் இருபது ரூபாய். சரக்கு ஒரு லட்சத்து ஆறாயிரம், இரண்டு ஒன்பது சதவீத வரியும் சேர்த்து ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து எண்பது. அந்த பில்லைப் பிரின்ட் எடுத்து, வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்திருந்தார். நான் திரும்பி வந்ததும் சீட்டில்கூட உட்காரவிடாமல் அதைத்தான் காட்டினார். “எப்டி இருக்குது?” என்றார். “சூப்பர் சார்” என்றேன். யார் உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தார்கள்!

வேப்பூர்க் கடை எங்களுக்குப் பழைய கடை. ஹைவேயில் இறங்கி, சாப்பாட்டுக் கடைகளைத் தாண்டினால் வரும் எலக்ட்ரிக்கல்ஸ். அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்துகிறார்கள். அக்கா கல்லாவும் பில்லும் பார்ப்பார். தம்பி சரக்கு இறக்குவது, குடோன், வொயர்மேன்களோடு பேச்சு வார்த்தை எல்லாம். கணவர் போன பிறகு அந்தம்மா தம்பியை நம்பித்தான் கடையைத் தொடங்கினார் என்று சொல்வார்கள். இரண்டு பேரும் நாளெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே வியாபாரம் செய்வார்கள். பார்க்க நன்றாக இருக்கும்.

பணம் வருகிற தவணை தாண்டியும் வரவில்லை. போன் போட்டேன்.

“பணம் ரெடியா இருக்குதும்மா,” என்றார் அந்தம்மா. குரலில் வழக்கமான வேகம் இல்லை. “வூட்டுல ஒரு பஞ்சாயத்து. அது முடியட்டும், போட்டு வுடுறேன்.”

“என்னக்கா ஆச்சு?”

“என்னாத்த சொல்ல. உங்க சரக்குதான். பில்லுல ஐயாயிரத்தி முந்நூறு. வித்தது போக ரேக்குல இருக்கறத எண்ணுனா முந்நூறு கொறையுது. எம் தம்பிய கேட்டா அது உடைசலுங்கறான். உடைசலுக்கு எவனாவது பில்லு போடுவானா? காசு குடுத்து வாங்குன பொருளும்மா. எங்க போச்சுன்னு கேட்டதுக்கு, என்னயே சந்தேகப்படுறியான்னு குடோன் சாவியத் தூக்கி மேசமேல போட்டுட்டுப் போயிட்டான். இப்ப கடப்பக்கம் வரான், ஆனா கல்லாவுக்கு இந்தாண்ட வர மாட்டங்கறான்.”

போனை வைத்துவிட்டு பில்லைத் திறந்து பார்த்தேன். ஐம்பது பெட்டி, ஐயாயிரத்து முந்நூறு. பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. பிறகு அந்தத் தம்பியை நினைத்தேன், சிரிப்பு போய்விட்டது. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. நாங்கள் அச்சடித்து அனுப்பிய காகிதம் அவரைத் திருடன் என்கிறது. அக்கா காகிதத்தை நம்பாமல் என்ன செய்வார்?

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த பில்லை அவர் குனிந்து பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

“சரி வுடும்மா. அடுத்த லோடுல முந்நூறு பீஸு சும்மா போட்டுடலாம். சரியாப் போயிடும்.”

இது அவருடைய வழக்கமான வைத்தியம். வியாபாரத்தில் எந்தத் தகராறு வந்தாலும் பியூஸ் கேரியர் கொடுத்துத் தீர்த்துவிடுவார். ஒருமுறை பந்தல்காரருக்குக்கூடப் பாக்கியை அப்படித்தான் தீர்த்தார்.

“சார், கணக்குல வராத முந்நூறு பீஸு திடீர்னு அவங்க குடோன்ல மொளச்சா அந்தம்மா என்னா நெனப்பாங்க? தம்பி எடுத்தத பயந்துகிட்டுத் திருப்பி வச்சிட்டான்னு நெனப்பாங்க. திருட்டப் பட்டா போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடும்.”

அவர் யோசித்தார். “அப்பன்னா அடுத்த பில்லுல தள்ளுபடி போட்டுடு.”

“தள்ளுபடி போட்டா காசு கொறையும். அந்த முந்நூறு எங்க போச்சுன்ற கேள்வி அங்கயேதான நிக்கும்?”

“அந்த பில்லயே திருத்திக் குடுத்துடேன்.”

“போன மாசத்து ஜிஎஸ்டி ரிட்டன்ல ஏத்தியாச்சு. அவங்க கட்டவேண்டியதுல கழிச்சிக்க அந்த வரிய வரவும் எடுத்துட்டாங்க. இனிமே அந்த பில்லத் தொட முடியாது. கிரெடிட் நோட்டுதான் போடணும்.”

கிரெடிட் நோட்டு என்றதும் அவருக்கு முகம் சுண்டிவிட்டது. அவரைப் பொறுத்தவரை கிரெடிட் நோட்டு என்பது சரக்கு மட்டம் என்று திரும்பி வந்தால் போடுவது. இத்தனை வருஷத்தில் எங்கள் சரக்கு திரும்பி வந்ததில்லை என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. அதிலும் தன் கையால் போட்ட முதல் பில்லுக்கே கிரெடிட் நோட்டா?

“ஜிஎஸ்டிகாரன் கேப்பான்மா.”

“கேக்க மாட்டான் சார். அதிகமாப் போட்ட பில்ல கொறைக்கத்தான் சட்டத்துலயே அதுக்கு எடம் வச்சிருக்கான். எந்த பில்லுக்காக, என்னா தேதி, எவ்ளோ கொறையுதுன்னு எழுதி இந்த மாச ரிட்டன்ல காட்டுனா நாம அதிகமாக் கட்டுன வரி ஆயிரத்தி எண்பது நமக்குக் கழியும். அவங்க வரவு எடுத்ததுல அதே ஆயிரத்தி எண்பத திருப்பி வுட்டுடணும். அவ்ளோதான்.”

அவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் செய்தால் ஏதோ விழுங்குகிறார் என்று அர்த்தம்.

“சொல்லுங்க சார்.”

“அந்தத் தம்பி எனக்குப் போன் பண்ணிச்சும்மா. உடைசலுக்குமா சேத்து பில்லு போட்டீங்கன்னு கேட்டுச்சு.”

“நீங்க என்னா சொன்னீங்க?”

“கம்ப்யூட்டர் பில்லுப்பா, அதுல தப்பே வராதுன்னேன்.”

எனக்கு வந்த கோபத்தில் அவர் முதலாளி என்பதே மறந்துபோனது. ஒரு ஆள் தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ள இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டு வந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருக்கிறார்! வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். கடைசியில் கண்ணாடியைத் தூக்கி பில்லை உருவி என்னிடம் நீட்டினார்.

“போடும்மா. என்னா போடணுமோ போடு.”

உட்கார்ந்தேன். கிரெடிட் நோட்டுக்குத் தனி வரிசை எண் உண்டு. எங்கள் கம்பெனியில் அந்த வரிசையில் அதுதான் முதல் எண். கீழே மூல பில்லின் எண்ணும் தேதியும். முந்நூறு பீஸ், இருபது ரூபாய், ஆறாயிரம். மத்திய வரி ஐந்நூற்று நாற்பது, மாநில வரி ஐந்நூற்று நாற்பது. மொத்தம் ஏழாயிரத்து எண்பது. கணக்கில் ஏறும்போது எல்லாம் பில் போட்டதற்கு நேர்மாறாக ஏறும். அன்றைக்கு அந்தக் கடையின் கணக்கில் பற்று, விற்பனையிலும் வரியிலும் வரவு. இன்றைக்கு விற்பனையில் ஆறாயிரமும் இரண்டு வரிகளிலும் தலா ஐந்நூற்று நாற்பதும் பற்று, கடையின் கணக்கில் ஏழாயிரத்து எண்பது வரவு. அவர்கள் தரவேண்டியது ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரமாக வந்து நின்றது. ஐயாயிரம் பீஸுக்கு என்ன வரவேண்டுமோ அதே தொகை. எத்தனை வருஷம் ஆனாலும் இப்படி நேராக வந்து நிற்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம். இதைச் சொன்னால் வீட்டில் கிண்டல் செய்கிறார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் சறுக்கப் பார்த்தது. முந்நூறு என்று எண்ணிக்கை போட்டதும் கம்ப்யூட்டர் அந்த முந்நூறும் எங்கள் குடோனுக்குத் திரும்பி வந்துவிட்டதாக இருப்பில் சேர்த்துக்கொண்டது. வந்தால்தானே! எண்ணிக்கை போடாமல் தொகையை மட்டும் குறைத்திருந்தால் இந்த வம்பு இல்லை. ஆனால் அந்த அக்காவுக்கு வேண்டியதே முந்நூறு என்ற எண்ணிக்கைதான். அதனால் நோட்டில் எண்ணிக்கையை அப்படியே விட்டு, எங்கள் பக்கம் தனியாக ஒரு இருப்புப் பதிவு போட்டு, முந்நூறும் உடைசலாக இலவசமாகப் போனது என்று கழித்தேன். பெட்டிக்கு நூறு என்று மாற்றி, உடைசல் ஆறு இலவசம் என்று தனி வரியும் வைத்தேன்.

காரணம் எழுதுகிற இடத்தில் வழக்கமாக இங்கிலீஷில் ரெண்டு வார்த்தை போடுவோம். அன்றைக்குத் தமிழில் அடித்தேன். ‘உடைசலுக்காகக் காசில்லாமல் அனுப்பிய 300 பீஸுக்கும் எங்கள் தவறால் விலை போடப்பட்டது. அது இதில் கழிக்கப்படுகிறது. சரக்கு எதுவும் திரும்பி வரவில்லை.’ எங்கள் தவறால் என்ற வார்த்தைகளை முதலாளி ரொம்ப நேரம் பார்த்தார். எடுக்கச் சொல்வார் என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டு, சீலையும் குத்திவிட்டார்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும்தான். ஆனால் பஞ்சாயத்துக்கு வாட்ஸ்அப் பத்தாது என்று எனக்குத் தோன்றியது. வேப்பூர் பஸ் ஏறப் போகிறேன் என்றேன். “இரும்மா, நானும் வரேன்” என்று அவரும் கிளம்பிவிட்டார். பஸ்ஸில் வழி நெடுக, அந்தத் தம்பி திட்டினால் என்ன சொல்வது என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார். “திட்டு வாங்கிக்கணும் சார், வேறென்ன?” என்றேன்.

கடையில் கூட்டமில்லை. அக்கா கல்லாவில். தம்பி கடைக்கு வெளியே கஸ்டமருக்குப் போடுகிற ஸ்டூலில் உட்கார்ந்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயசு ஆள், கோபித்துக்கொண்டு வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு வொயர்மேன் டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் முதலாளியைப் பார்த்ததும் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் நோட்டை அக்காவின் கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தொகையைப் பார்த்தார், பில் நம்பரைத் தன் பில்லோடு வைத்துப் பார்த்தார். கடைசி வரிக்கு வந்ததும் வாய்விட்டே படித்தார். “எங்கள் தவறால்” என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து படித்தார்.

“அப்ப அந்த முந்நூறு...”

“காசில்லாத உடைசல்தான் அக்கா,” என்றேன். “உங்களுக்கு வித்தது ஐயாயிரம்தான். உங்க ரேக்குல கணக்கு சரியாத்தான் இருக்குது.”

“தப்பு என்னுதும்மா,” என்றார் எங்கள் முதலாளி. எனக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் சொன்னார், ஆனால் சொல்லிவிட்டார். “நான்தான் அந்த பில்லப் போட்டேன். தம்பி போன் பண்ணிக் கேட்டப்பவும் நான்தான் தெரியாம அடிச்சுப் பேசிட்டேன்.”

வொயர்மேனுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. “இதுக்கா அக்காளும் தம்பியும் மூஞ்சியத் தூக்கி வச்சிகிட்டு இருக்கீங்க? ஒடஞ்சதெல்லாம் கடைக்குப் பின்னால குமிஞ்சி கெடக்குதே. உடைசல்ல ஒடையாம மிஞ்சுனத எங்களுக்குத்தான குடுப்பாரு. நல்லூர் பக்கம் எவன் வூட்ல பியூஸு போனாலும் இந்தக் கடைக்குத்தானய்யா ஓடியாறோம், சும்மாவா?”

அக்கா எழுந்து பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, “எங்க பக்கம் எப்டி ஏத்தணும்?” என்று என்னைக் கேட்டார். டெபிட் நோட்டு பதிவில் எங்கள் கம்பெனி கணக்கில் ஏழாயிரத்து எண்பது பற்று, கொள்முதலில் ஆறாயிரமும் எடுத்த வரி வரவில் ஐந்நூற்று நாற்பது ஐந்நூற்று நாற்பதும் வரவு என்று சொன்னேன். அவரே அடித்தார். முந்நூறு என்று எண்ணிக்கையை அடித்ததும், திரையில் இருப்பு இறங்கி ரேக்கில் எண்ணிவைத்த கணக்கோடு அப்படியே நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

அப்புறம் எங்களுக்கு வரவேண்டிய ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்தை அங்கேயே போனில் அனுப்பினார். எங்கள் முதலாளி மொபைல் கிணுகிணுவென்றது. அவர் அதை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. நாங்கள் எல்லோரும் ஸ்டூலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்கா கல்லா டிராயரைத் திறந்து குடோன் சாவியை எடுத்து மேஜையில் வைத்தார்.

“டேய், உள்ள வாடா.”

தம்பி அசையவில்லை. “நான் கஸ்டமரு. வெளியதான் ஒக்காருவேன்.”

“கஸ்டமருன்னா என்னா வாங்கப் போற?”

“பத்து பியூஸ் கேரியர் குடு. பில்லோட குடு. நாளைக்கு எண்ணிக்கை கொறஞ்சா என்னய கேக்கக் கூடாது.”

வொயர்மேனுக்கு டீ புரைக்கேறியது. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் சிரிக்கும்போதே குரல் உடைந்தது. “தப்புதான்டா. ஒன்னய கேட்டிருக்கக் கூடாது. அந்தக் காயிதத்த நம்புனேன், ஒன்னய நம்பல. அவங்க எழுதிக் குடுத்துட்டாங்க. நானும் எழுதிக் குடுக்கணுமா?”

தம்பி எழுந்தார். கல்லாப் பலகையைத் தூக்கிவிட்டு உள்ளே வந்து, சாவியை எடுத்து இடுப்பில் செருகினார். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் எங்களைப் பார்த்துத்தான் பேசினார்.

“இது எழுதுனா படிக்கறாப்பலயா இருக்கும்? கோழி கிண்டுன மாரி எழுதும். சாப்ட்டுட்டுப் போங்க, நேரமாச்சு. அக்கா, இவங்களுக்கு என்னா வாங்கியாரச் சொல்ற?”